பிரையர் எங்கிருந்து வருகிறது? பேயஸ் முறையைப் பகுத்தறிவின் இலக்கணம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நெய்தல்_வாசகன்
நிகழ்தகவு கொஞ்சம் தெரியும், தத்துவம் அரைகுறை. பேயஸ் சொல்வது இதுதான் என்று புரிந்துகொண்டிருக்கிறேன்: ஒரு விஷயத்தை எவ்வளவு நம்புகிறோம் என்பதை எண்ணாக எடுத்துக்கொள், சான்று வந்ததும் விதிப்படி அந்த எண்ணை மாற்று, அதுதான் பகுத்தறிவோடு நம்புவது. சரி. ஆனால் பிரையர் என்கிற அந்த முதல் எண்ணை, சான்று வருவதற்கு முன் இருக்கும் எண்ணை, யார் தருவது? நானும் என் நண்பனும் வெவ்வேறு பிரையரோடு ஆரம்பிக்கிறோம், ஒரே சான்றைப் பார்க்கிறோம், இருவரும் விதியை ஒழுங்காகப் பின்பற்றுகிறோம், கடைசியில் நேரெதிர் முடிவுக்கு வருகிறோம் என்றால் இருவருமே பகுத்தறிவாளர்களா?

இதைக் கேட்டால் எல்லோரும் ஏர் பிரான்ஸ் 447 கதையைச் சொல்கிறார்கள். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் போன விமானம் 228 பேரோடு அட்லாண்டிக்கில் விழுந்தது, ஏறத்தாழ இரண்டு வருஷம் தேடியும் கிடைக்கவில்லை, பேயஸ் கணக்கு போட்ட பிறகு ஒரு வாரத் தேடலில் கிடைத்தது என்று. அதில் பிரையர் எங்கிருந்து வந்தது, அது நல்ல பிரையரா அல்லது அதிர்ஷ்டமா என்று யாரும் சொல்வதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏரிக்கரை
இது பழைய கேள்வி, பதிலும் பழையது. பிரையர் எதுவாக இருந்தாலும் கவலையில்லை, தரவு சேரச் சேர அது கரைந்துபோகும். ஒரு நாணயம் நேர்மையானது என்று ஒருவர் நம்புகிறார், இன்னொருவர் தலை அதிகம் விழும் நாணயம் என்கிறார். ஆயிரம் தடவை சுண்டுங்கள், இருவரும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள். ஆரம்பத்தில் இருந்த சண்டை தானாகத் தீர்ந்துவிடும்.

கணக்குப்பிள்ளை
ஏரிக்கரை சொல்வதில் பாதி சரி. புள்ளியியலாளர்கள் பிளாக்வெல்லும் டூபின்ஸும் 1962-இல் நிறுவியது கிட்டத்தட்ட அதுதான், ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: எவையெல்லாம் நடக்கவே நடக்காது என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து இருக்க வேண்டும். நீங்கள் ஒன்றுக்குப் பூஜ்யம் கொடுத்துவிட்டால் எத்தனை சான்று வந்தாலும் பூஜ்யத்தைப் பெருக்கினால் பூஜ்யம்தான். நடைமுறையில் அதைவிடப் பெரிய சிக்கல், ‘தரவு சேரச் சேர’ என்ற சொல்லில் இருக்கிறது. எவ்வளவு சேர வேண்டும் என்று அந்தத் தேற்றம் சொல்வதில்லை. விமானம் ஒரு தடவைதான் விழுந்தது. ஆயிரம் தடவை சுண்ட முடியாது.

ஏ.எஃப். 447 கதைக்கு வருகிறேன், இதை வகுப்பில் பல தடவை பாடம் எடுத்திருக்கிறேன். விமானம் கடைசியாகத் தன் இடத்தை அனுப்பியது 2:10-க்கு. அதன் பிறகு ஐந்து நிமிடத்துக்குள் செய்திகள் நின்றுவிட்டன. அந்த வேகத்தில் அவ்வளவு நேரத்தில் போகக்கூடிய தூரம் ஏறத்தாழ 40 கடல் மைல். ஆகவே கடைசி இடத்தை மையமாக வைத்து 40 கடல் மைல் ஆரத்தில் ஒரு வட்டம். அதற்கு வெளியே பூஜ்யம், உள்ளே எல்லா இடமும் சமம். இது முதல் பிரையர்.

இரண்டாவது, உயரத்தில் பறக்கும்போது கட்டுப்பாடு இழந்து விழுந்த பழைய விமானங்களின் விவரம். சிக்கல் ஆரம்பித்த இடத்திலிருந்து அவை 20 கடல் மைலுக்குள்ளேயே விழுந்திருந்தன. அதனால் மையத்தை ஒட்டி அதிக எடை, தள்ளிப் போகப் போகக் குறைவு. மூன்றாவது, விபத்து நடந்து ஐந்து நாள் கழித்து மிதந்து கிடைத்த உடல்களையும் சிதைவுகளையும் நீரோட்டத்தின் எதிர்த்திசையில் கணக்கில் பின்னோக்கி இழுத்து, எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்று பார்த்தது. நிலநடுக்கோட்டுப் பக்கத்தில் நீரோட்டத்தைச் சரியாகக் கணிப்பது கஷ்டம் என்பதால் இதில் நம்பிக்கை குறைவு. தேடலுக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்த மெட்ரான் நிறுவனத்தினர் இந்த மூன்றையும் 35, 35, 30 சதவீதம் என்று கலந்தார்கள். ஏன் 35? அது அவர்களுடைய தீர்ப்பு, அவ்வளவுதான். எந்தச் சூத்திரமும் அதைத் தரவில்லை.

பாலைநிலம்
நன்றி, நான் பிடித்துக்கொள்ள விரும்பும் இடத்தைக் கணக்குப்பிள்ளையே காட்டிவிட்டார். “உள்ளே எல்லா இடமும் சமம்.” எது சமம்? பரப்பளவில் சமமா, மையத்திலிருந்து இருக்கும் தூரத்தில் சமமா? ஒன்றும் தெரியாது, ஆகவே எல்லாவற்றுக்கும் சமமாகக் கொடுக்கிறேன் என்று சொல்பவர் எதைச் சமமாகப் பிரிக்கிறேன் என்பதைச் சொல்லாமலே ஒரு முடிவை எடுத்துவிடுகிறார்.

எண்ணோடு பாருங்கள். சிதைவு கடைசியில் கிடைத்தது மையத்திலிருந்து சுமார் 6.5 கடல் மைலில். பரப்பளவில் சமமாகப் பிரித்தால் 6.5 மைலுக்குள் விழுந்திருக்கும் நிகழ்தகவு 6.5-ஐ 40-ஆல் வகுத்து வர்க்கம், அதாவது 2.6 சதவீதம். தூரத்தில் சமமாகப் பிரித்தால் வர்க்கம் கிடையாது, 16 சதவீதம். இருவருக்கும் தெரிந்தது ஒன்றே, தெரியாததும் ஒன்றே. ஆனால் ஒருவரைவிட இன்னொருவர் ஆறு மடங்கு அதிகமாக நம்புகிறார். அறியாமைக்கு ஒரு நடுநிலையான எண் இருக்கிறது என்பது 19-ஆம் நூற்றாண்டின் ஆசை. கணிதவியலாளர் பெர்ட்ரான் 1889-இலேயே வட்டத்தில் நாண் வரைந்து, எதைச் சமமாகப் பிரிக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது என்று காட்டி அதை உடைத்துவிட்டார்.

ஏரிக்கரை
தூரத்தில் சமம் என்று யார் சொல்வார்கள்? கடலுக்கு முன்னால் நின்றால் பரப்பளவுதானே இயல்பு.

பாலைநிலம்
விமானி திரும்ப முயன்றிருக்கலாம், நேராகப் போயிருக்கலாம், உடனே விழுந்திருக்கலாம். எத்தனை நிமிடம் பறந்தது என்பதுதான் எனக்குத் தெரியாதது என்று நினைத்தால், நிமிடத்தைச் சமமாகப் பிரிப்பதுதான் எனக்கு இயல்பு, அது தூரத்தில் சமமாகப் பிரிப்பதற்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உங்களுக்கு இயல்பாகத் தோன்றுவது ஏற்கனவே உங்களிடம் இருக்கும் ஒரு நம்பிக்கை. அதைத்தான் கேட்கிறோம், அது எங்கிருந்து வந்தது?

கொங்கு_விவசாயி
நீங்கள் பேசுவது எல்லாம் புரிகிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் காட்டில் போர் போடுவதற்கு முன் மெஷின் வைத்துப் பார்க்கும் ஒருவரைக் கூட்டி வந்தோம், “எழுபது சதவீதம் தண்ணி இருக்கு” என்றார். 400 அடி போட்டும் புகைதான் வந்தது. பணம் போச்சு. இப்போது அவர் சொன்னது தப்பா சரியா? முப்பது சதவீதத்தில் நீங்கள் விழுந்துவிட்டீர்கள் என்று அவர் ஈஸியாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். இப்படியே பேசினால் யாரையும் கேள்வி கேட்கவே முடியாதே. நிகழ்தகவு என்றால் நூறு காட்டில் எழுபதில் தண்ணி வருவது என்றுதானே அர்த்தம், அதை எண்ணிப் பார்த்தால் முடிந்தது, பிரையர் என்று ஏன் இவ்வளவு சண்டை?

கணக்குப்பிள்ளை
கொங்கு, உங்கள் கேள்வி வேறு, ஆனால் பயனுள்ளது. அவர் பார்த்த நூறு காடுகளை எடுத்து எண்ணினால் அவர் சொல்லும் எழுபது நிஜ எழுபதா என்று சோதிக்கலாம், அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் உங்கள் காட்டுக்கு எந்த நூறு காடுகள் பொருத்தம்? அதே ஊரா, அதே பாறையா, அதே ஆழமா? அதைத் தேர்ந்தெடுப்பது மறுபடியும் ஒரு தீர்ப்பு. எண்ணினால் சண்டை ஓய்ந்துவிடாது, வேறு இடத்துக்கு நகரும்.

உங்களிடம் ஒரு கேள்வி. 400 அடியில் தண்ணி இல்லை என்பது ‘இங்கே தண்ணியே இல்லை’ என்பதற்குச் சான்றா? 600 அடியில் இருந்தால் 400-இல் வராதே. வராதது எவ்வளவு வலுவான சான்று என்பது, இருந்திருந்தால் வந்திருக்குமா என்பதைப் பொறுத்தது. ஏ.எஃப். 447-இல் நிஜமாகவே ஆட்டம் மாறியது இந்த இடத்தில்தான். முந்தைய பதிவில் நான் சொன்ன பிரையர் விஷயம் அதற்கு முன்னால் சின்னது.

கறுப்புப் பெட்டிகளில் ஒலி எழுப்பும் கருவிகள் உண்டு, பிங்கர் என்பார்கள். அப்போது இருந்தவற்றில் ஏறத்தாழ ஒரு மாதம் பேட்டரி தாங்கியது. 2009 ஜூன்–ஜூலையில் கப்பல்கள் நீருக்குள் காது வைத்து, விமானம் போயிருக்க வேண்டிய பாதையை ஒட்டி ஒரு பெரிய பகுதியைக் கேட்டுப் பார்த்தன. சத்தமே இல்லை. ஆகவே அங்கே இல்லை என்று எடுத்துக்கொள்வது இயல்பு. எவ்வளவு இல்லை?

ஒரு பிங்கர் விபத்தில் தப்பிப் பிழைக்க 80 சதவீதம், பிழைத்திருந்து கப்பல் பக்கத்தில் போனால் கேட்டுவிட 90 சதவீதம். பெருக்கினால் 72. விமானத்தில் இரண்டு பிங்கர். இரண்டும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் வேலை செய்யும் என்று வைத்தால், ஒன்றாவது கேட்க 92 சதவீதம். ஆனால் இரண்டும் வாலில் ஒரே பக்கத்தில் இருந்தன, ஒன்றை நொறுக்கிய அடி இன்னொன்றையும் நொறுக்கும், அப்படிப் பார்த்தால் 72தான். மெட்ரான்காரர்கள் முதலாவதுக்கு 25, இரண்டாவதுக்கு 75 என்று எடை கொடுத்து 77-இல் வந்து நின்றார்கள்.

இப்போது நான் எளிமைக்காக ஒரு எண் வைக்கிறேன், இது என் எண், அவர்களுடையது அல்ல. கேட்டுப் பார்த்த பகுதியில் விமானம் இருக்க 40 சதவீதம், மீதி 60 வெளியே. கேட்டும் சத்தம் வரவில்லை. 92 என்று நம்பினால் அந்தப் பகுதியின் 40 சுமார் 5 ஆகச் சுருங்கும். 77 என்றால் சுமார் 13. 72 என்றால் 16. இரண்டு பிங்கரும் செத்துவிட்டது என்று உறுதியாக வைத்தால் 40 அப்படியே 40-ஆக நிற்கும், ஏனென்றால் அமைதிக்கு அர்த்தமே இல்லை.

இதில் ஒரு விரல்கூடப் பிரையரைத் தொடவில்லை, பாருங்கள். வட்டம், பழைய விபத்துகள், நீரோட்டம் எதையும் மாற்றாமல் 5-க்கும் 40-க்கும் நடுவில் எங்கு வேண்டுமானாலும் போய் நிற்கலாம்.

நெய்தல்_வாசகன்
ஆக, நான் கேட்ட பிரையர் பிரச்சினை முதல் படியில் மட்டும் இல்லை. ‘இது உண்மையானால் என்ன பார்ப்பேன்’ என்று எழுதும் இடத்திலும் அதே தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. 25, 75 என்பதும் பிரையர்தானே, பிங்கரைப் பற்றிய பிரையர்.

கணக்குப்பிள்ளை
அதேதான். பிரையர் அகவயமானது, நீங்கள் சொன்ன ‘இது உண்மையானால் என்ன பார்ப்பேன்’ என்ற எண், அதாவது லைக்லிஹூட், புறவயமானது என்று பாடப்புத்தகத்தில் கோடு போட்டுப் பிரிப்பார்கள். நிஜத்தில் அந்தக் கோடு நிற்பதில்லை.

இன்னொன்றைக் கவனியுங்கள். இரண்டும் சேர்ந்தே செத்திருக்கலாம் என்ற மாதிரியில், சத்தம் வராததை வைத்து ‘பிங்கர் செத்துவிட்டது’ என்பதற்கான எண்ணையும் மாற்ற வேண்டும். என் எண்படி அது 20-இலிருந்து சுமார் 28 ஆகும். அதாவது அமைதியை அங்கே இல்லை என்றும் படிக்கலாம், பிங்கர் இல்லை என்றும் படிக்கலாம், இரண்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு கொடுக்க வேண்டும். ஆகஸ்டில் வேறு பகுதியில், ஒலி அனுப்பி எதிரொலியைப் பார்க்கும் சோனார் தேடல், 2010-இல் இன்னொரு பகுதியில், இரண்டிலும் எதுவுமில்லை. வெளியே இருக்கும் இடம் தேய்ந்தால், ஒதுக்கி வைத்த பகுதி பழையபடி மேலே வரும். இதைக் கணக்குத் தானாகவே செய்யும். அதற்காகவே இந்த முறையை நான் மதிக்கிறேன்.

பாலைநிலம்
தானாகவே என்று சொல்லாதீர்கள். அவர்கள் கொடுத்த முக்கிய வரைபடம் 77-ஐ வைத்துப் போட்டது. அதோடு கூடுதலாக, இரண்டு பிங்கரும் வேலை செய்யவில்லை என்று வைத்து இன்னொரு வரைபடமும் போட்டார்கள். சிதைவு கிடைத்த இடத்துக்குப் பக்கத்தில் உச்சம் வந்தது அந்த இரண்டாவதில்தான். கடைசி இடத்தைச் சுற்றியே தேடுவது என்று முடிவெடுத்து, 2011 மார்ச் கடைசியில் ஆளில்லா நீர்மூழ்கிகள் இறங்கின, ஏப்ரல் 3-இல் சுமார் 3900 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. ஆக வெற்றி கிடைத்தது ‘இரண்டுமே செத்திருந்தால்?’ என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து கேட்டதால். அந்தக் கேள்வியைப் பேயஸ் விதி கேட்கவில்லை, மனிதர் கேட்டார். பட்டியலில் இருப்பதற்கு நடுவே எடையை மாற்றிக் கொடுக்கத்தான் விதிக்குத் தெரியும். பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்று அது ஒருபோதும் சொல்லாது.

ஏரிக்கரை
பட்டியலின் கடைசியில் ‘வேறு ஏதோ’ என்று ஒரு வரி போட்டு அதற்கு 5 சதவீதம் கொடுத்துவிட்டால் போச்சு.

பாலைநிலம்
கொடுங்கள். அப்புறம் சத்தம் வரவில்லை. ‘வேறு ஏதோ’ உண்மையானால் சத்தம் வராமல் இருக்க நிகழ்தகவு என்ன? அந்த ஏதோ என்னவென்று தெரியாமல் அந்த எண்ணை எப்படிப் போடுவீர்கள்? போடாவிட்டால் விதியை ஓட்ட முடியாது. இதற்கு நல்ல பதிலை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஏரிக்கரை
சரி, இன்னொரு வழியில் வருகிறேன். ராம்சி, டி ஃபினெட்டி இருவரும் காட்டியது: நிகழ்தகவு விதியை மீறி நம்பினால், உங்களுக்கு நிச்சய நஷ்டம் தரும் பந்தயங்களை ஒருவர் கோர்த்துக் கொடுக்கலாம், ஒவ்வொன்றையும் நீங்களே நியாயம் என்று ஏற்பீர்கள். இதைவிட வேறென்ன ஆதாரம் வேண்டும் பகுத்தறிவுக்கு?

சும்மா_வந்தவன்
விமானம் நிலாவில்தான் இருக்கு, 99.99 சதவீதம் என்று ஒருத்தன் நம்பினால், அவன் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால், பந்தயத்தில் அவனை நிச்சயமாகத் தோற்கடிக்க முடியாது. நிலாவுக்குப் போய்ப் பார்க்கும் வரைக்கும் 😀

நெய்தல்_வாசகன்
சும்மா வந்தவர் சும்மா வரவில்லை. அந்த வாதம் முரண்படாதே என்று மட்டும்தான் சொல்கிறது, சரியாக இரு என்று சொல்லவில்லை. அப்படியென்றால் பேயஸ் முறை நம்பிக்கைகளுக்கான இலக்கணம் மாதிரி, பிழையில்லாமல் பொய் எழுத அதில் தடையில்லை. கணக்குப்பிள்ளை, நீங்கள் இதை ஏற்கிறீர்களா?

கணக்குப்பிள்ளை
பெரும்பாலும் ஏற்கிறேன். அதனால்தான் நடைமுறையில் பிரையரைத் திறந்து வைக்கச் சொல்கிறோம். என் மாணவர்களை நான் செய்யச் சொல்வது: உங்கள் 35-ஐ 20 ஆக்கிப் பாருங்கள், 50 ஆக்கிப் பாருங்கள், பிங்கருக்கு 72, 92 இரண்டையும் வைத்து ஓட்டுங்கள். முதலில் எங்கே தேடுவது என்ற முடிவு மாறாவிட்டால் பிரையர் சண்டை தேவையில்லாதது. மாறினால், எந்த எண் மாறும்போது மாறுகிறது என்று பாருங்கள், அந்த எண்ணைப் பற்றித்தான் மேலும் தகவல் தேட வேண்டும். ஏ.எஃப். 447-இல் என் எளிய எண்களை வைத்துப் பார்த்தாலே அது பிங்கர் என்று தெரிந்துவிடுகிறது. பிரையரை எதிர்ப்பவர்கள் பிரையரையே குறி வைக்கிறார்கள், ஆட்டிப் பார்த்தால் நொறுங்குவது வேறு இடம்.

ஏரிக்கரை
அப்படி ஆட்டிப் பார்த்து, தேடல் முடிவோடு நன்றாகப் பொருந்தும் எடையை எடுத்துக்கொள்ளலாமே. அப்போது அகவயம் என்ற குற்றச்சாட்டே இல்லாமல் போய்விடும்.

கணக்குப்பிள்ளை
இதை மட்டும் செய்யாதீர்கள். கிடைக்கவில்லை என்ற தேடல் முடிவைப் பார்த்து எடையை மாற்றிவிட்டு, அப்புறம் அதே முடிவை விதியில் போட்டால், ஒரே சான்றை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். உங்கள் நம்பிக்கை இருக்க வேண்டியதைவிட உறுதியாகிவிடும், அதை வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. பழைய விபத்துகளை வைத்து எடை போட்டது நியாயம், அவை இந்தத் தேடலுக்கு முன்னால் நடந்தவை. இந்தத் தேடலின் அமைதியை வைத்து எடையைச் சரிசெய்வது நியாயமில்லை, அது விதிக்குள் போக வேண்டியது. ‘பிங்கர் செத்தது’ என்ற வரியைப் பின்னால் சேர்ப்பதிலும் இந்த ஆபத்து இருக்கிறது, பாலைநிலம் இதைக் கவனிக்க வேண்டும். சேர்க்கலாம், ஆனால் கப்பல்கள் காது வைத்துக் கேட்பதற்கு முன் அதற்கு எவ்வளவு கொடுத்திருப்பேன் என்று நேர்மையாகக் கேட்டு அந்த எண்ணைப் போட வேண்டும். அமைதியைக் கேட்டபிறகு அந்த நேர்மை கஷ்டம்.

பாலைநிலம்
கஷ்டம் இல்லை, முடியாது என்பேன். நான் அந்தச் சாத்தியத்தை அப்போது யோசிக்கவே இல்லையென்றால், அப்போது அதற்கு நான் கொடுத்திருக்கும் எண் என்று ஒன்று கிடையாது. இல்லாத நினைவை எப்படி மீட்பது? நீங்கள் அந்த இடத்தில் புதிதாக ஒரு பிரையரை உருவாக்குகிறீர்கள், அதற்குப் பழைய தேதி போடுகிறீர்கள்.

கணக்குப்பிள்ளை
இந்த வழக்கில் அப்படி இல்லை. ஒரு பிங்கர் பிழைக்க 80 சதவீதம் என்று முதலிலேயே எழுதி வைத்திருந்தார்கள், ஆகவே இரண்டும் ஒரே அடியில் சாகும் மாதிரியில் 20 சதவீதம் ஏற்கனவே உள்ளே இருந்தது. 77 என்று ஒரே எண்ணாகச் சுருக்கியதால் அது கண்ணுக்குத் தெரியாமல் போனது. தனி வரியாக வைத்திருந்தால் ஒவ்வொரு தோல்விக்கும் அது ஏறியிருக்கும். என் எளிய எண்களில் ஒலித் தேடலுக்குப் பிறகு 28, வெளியில் பாதியைச் சோனார் தேடித் தோற்ற பிறகு சுமார் 34. பொதுவான வழக்கில் உங்கள் வாதத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை.

கொங்கு_விவசாயி
இந்த 28, 34 புரிந்தது என்று நினைக்கிறேன். அப்படியென்றால் எங்கள் காட்டில் ‘தண்ணி இல்லை’ ஒரு வரி, ‘இருக்கு ஆனால் 400-க்குக் கீழே’ இன்னொரு வரி என்று பிரித்து வைத்திருக்க வேண்டும். அந்த ஆள் 400-க்குள் இருப்பதையும் அதற்குக் கீழே இருப்பதையும் சேர்த்து எழுபது என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். எத்தனை அடிக்குள் எழுபது என்று நான் கேட்டிருக்க வேண்டியது. பக்கத்துத் தோட்டத்தில் 550-இல் வந்திருக்கிறது, இதை வைத்து எவ்வளவு ஏற்றலாம்?

கணக்குப்பிள்ளை
பக்கத்துத் தோட்டம் எவ்வளவு தூரம், நடுவில் பாறை மாறுகிறதா என்று தெரியாமல் எண் சொல்ல மாட்டேன். கடினப்பாறையில் தண்ணி விரிசல் வழியாக ஓடுகிறது, ஐம்பது அடி தள்ளிப் போட்டாலே வறண்டுவிடும். இன்னும் நாலைந்து தோட்டங்களின் ஆழத்தையும், வறண்டுபோன போர்களையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள். வறண்டதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள், அதைத் தேடிக் கேளுங்கள்.

பாலைநிலம்
வறண்டதைச் சொல்லாத ஊரில் கணக்கெடுத்து வந்த எண்ணைத்தான் பிரையர் என்று கொடுப்பீர்கள். கொங்கு, அனுப்பும்போது எனக்கும் ஒரு பிரதி போடுங்கள்.

நெய்தல்_வாசகன்
பாலைநிலம், ‘வேறு ஏதோ’ வரிக்கு எண் போட முடியாது என்றீர்களே, அதற்குத் தனி இழை தொடங்குகிறேன். அங்கே பழைய சான்றுப் பிரச்சினையையும் கொண்டு வரலாம். ஐன்ஸ்டைன் 1915-இல் புதன் கோளின் பாதை விலகலைக் கணக்கிட்டுக் காட்டினார், அந்த விலகல் 1859-இலிருந்தே லெவெரியே மூலம் எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த விஷயத்தின் நிகழ்தகவு ஏற்கனவே 1, அதாவது நூறு சதவீதம், விதிப்படி அது எதையும் ஏற்றக் கூடாது. ஆனால் ஐன்ஸ்டைனின் கோட்பாட்டின் மீது நம்பிக்கையை ஏற்றியது. கணக்குப்பிள்ளை நாளைக்கு வருவார் என்று நினைக்கிறேன்.

கணக்குப்பிள்ளை
விடைத்தாள் கட்டு மேசையில் இருக்கிறது. சனிக்கிழமை வருகிறேன்.